செங்கல்பட்டு பி.சி.ஜி. சோதனையும் சாய்வு அபாய மதிப்பீடும்

திருவண்ணாமலை மாவட்டம் கீழ்பென்னாத்தூரில் பிறக்கும் குழந்தைக்குப் பிறந்த சில நாள்களுக்குள் இடது மேற்கையில் ஓர் ஊசி போடப்படுகிறது. அந்த இடம் சில வாரங்களில் கொப்பளித்து ஆறி, வாழ்நாள் முழுவதும் தெரியும் சிறு தழும்பாக நிற்கிறது. அது காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி. இந்த ஊசி பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில்லை என்று 1979-இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. அந்த அறிக்கைக்கு ஆதாரமான சோதனை தமிழ்நாட்டில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பகுதி ஊர்களில் நடந்தது. அதே ஊசி பிரிட்டனில் முக்கால் பங்குக்கு மேல் பாதுகாப்பு தந்ததாக அதற்கு முன்பே முடிவு வந்திருந்தது. இந்த இரண்டில் எதை நம்புவது என்ற கேள்விக்கு விடை தேடிய வரலாறும், ஒரு சோதனையின் ஒருபக்கச் சாய்வை மதிப்பிடும் முறை வளர்ந்த வரலாறும் பல இடங்களில் ஒன்றையொன்று தொடுகின்றன.

சாய்வு அபாயம் என்றால் என்ன

ஒரே கேள்வி குறித்து நடந்த எல்லாச் சோதனைகளையும் தேடி எடுத்து, முன்கூட்டியே எழுதிவைத்த விதிகளின்படி சேர்த்துப் பார்ப்பது முறைசார் மீளாய்வு. சேர்க்கப்பட்ட ஒவ்வொரு சோதனையும் நடத்தப்பட்ட விதத்தால் அதன் முடிவு உண்மையிலிருந்து ஒரு திசையில் தள்ளப்பட்டிருக்க வாய்ப்பு உண்டா என்று மீளாய்வாளர்கள் பார்க்கிறார்கள். இதுவே சாய்வு அபாய மதிப்பீடு. 'அபாயம்' என்ற சொல் இங்கே கவனத்துடன் வைக்கப்பட்டது. முடிவு பிழையானது என்று மீளாய்வாளர் நிரூபிப்பதில்லை. பிழை நுழையக்கூடிய கதவு திறந்திருந்ததா, பூட்டியிருந்ததா என்பதை மட்டுமே அவரால் சொல்ல முடியும்.

சாய்வும் தற்செயல் பிழையும் வேறு வேறு. தற்செயல் பிழை ஆள்களின் எண்ணிக்கை கூடக் கூடக் குறையும். சாய்வு அப்படிக் குறையாது. தராசின் ஒரு தட்டில் புளி ஒட்டியிருந்தால் நூறு முறை நிறுத்தாலும் அதே தப்புதான் வரும்.

நியூயார்க் தந்த பாடம்

பி.சி.ஜி. வரலாற்றிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. நியூயார்க் நகரில் காசநோயாளிகள் உள்ள குடும்பங்களின் குழந்தைகளிடம் 1920-களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்வு அது. லெவின், சாக்கெட் ஆகிய இருவர் அதன் முடிவுகளை 1946-இல் வெளியிட்டனர். முதற்கட்டத்தில் எந்தக் குழந்தைக்கு ஊசி போடுவது என்பதை மருத்துவர்களே தீர்மானித்தார்கள். ஊசி போட்ட 445 குழந்தைகளில் 3 பேர் காசநோயால் இறந்தனர். போடாத 545 பேரில் 18 பேர் இறந்தனர். விழுக்காட்டில் 0.67-க்கு எதிராக 3.30. ஊசி ஐந்தில் நான்கு மரணங்களைத் தடுத்தது போலத் தெரிகிறது.

1933 முதல் முறை மாறியது. குழந்தைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரு குழுக்களுக்கு ஒதுக்கும் வேலை மருத்துவர் கையிலிருந்து மைய அலுவலகத்துக்குப் போனது. அதன்பின் ஊசி போட்ட 566 பேரில் 8 மரணம், போடாத 528 பேரில் 8 மரணம். 1.41-க்கு 1.52. முன்பு தெரிந்த பாதுகாப்பு அநேகமாக மறைந்துவிட்டது.

தடுப்பூசி அதேதான், நகரமும் அதேதான். மாறியது யார் தேர்ந்தெடுக்கிறார் என்பது. முதற்கட்டத்தில் மருத்துவர்கள் ஒத்துழைக்கும் பெற்றோரின் குழந்தைகளைத் தம்மையறியாமல் அதிகம் தேர்ந்திருந்தார்கள். சொன்ன நாளில் மருத்துவமனைக்கு வருகிற, நோயாளியிடமிருந்து குழந்தையைப் பிரித்து வைக்கச் சம்மதிக்கிற குடும்பம் அது. அந்தக் குழந்தைகள் ஊசி இல்லாவிட்டாலும் கூடுதலாகப் பிழைத்திருப்பார்கள். மருத்துவர்கள் யாரும் ஏமாற்றவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். நல்லெண்ணத்துடன் வேலை செய்தவர்களின் கணக்குதான் இப்படிச் சாய்ந்தது.

ஒன்றுவிட்டு ஒன்று என்ற முறையிலும் ஓர் ஓட்டை உண்டு. அடுத்து வருபவர் எந்தக் குழுவுக்குப் போவார் என்பது பதிவு செய்பவருக்குத் தெரியும். மெலிந்த குழந்தை ஊசி வரிசையில் வந்தால் 'நாளை வா' என்று அனுப்பிவிடலாம். காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைப் பிரிட்டனில் சோதித்தபோது புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்போர்டு ஹில், சமவாய்ப்பு எண்களின்படி அமைந்த ஒதுக்கீட்டை ஒட்டிய உறைகளில் வைத்தது இதைத் தடுக்கத்தான். அந்த அறிக்கை 1948-இல் வெளிவந்தது. இன்று இது ஒதுக்கீட்டு மறைப்பு எனப்படுகிறது. இதன் எடை எவ்வளவு என்பதை 1995-இல் கென்னத் ஷுல்ஸ் குழுவினர் 250 சோதனைகளை வைத்து அளந்தனர். ஒதுக்கீட்டைச் சரியாக மறைக்காத சோதனைகள் சிகிச்சையின் பலனைச் சராசரியாக நாற்பது விழுக்காடு அளவுக்கு மிகைப்படுத்தியிருந்தன.

மதனப்பள்ளியும் செங்கல்பட்டும்

தென்னிந்தியாவில் முதலில் நடந்த பெரிய பி.சி.ஜி. சோதனை, அன்று சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியைச் சுற்றி 1950-இல் தொடங்கியது. ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையின் டென்மார்க்கு மருத்துவர் ஃப்ரிமோட்-மோலர் அதை நடத்தினார். ஊசி பெற்ற 5,069 பேரில் 33 பேருக்கும், பெறாத 5,808 பேரில் 47 பேருக்கும் காசநோய் வந்தது. ஆயிரத்துக்கு 6.5-க்கு எதிராக 8.1, அதாவது ஏறத்தாழ 20 விழுக்காடு பாதுகாப்பு. இதன் ஒதுக்கீடு ஒன்றுவிட்டு ஒன்று என்ற வகையில் பதிவாகியுள்ளது. அதனால் எந்த மதிப்பீட்டாளரும் முதல் கேள்வியிலேயே சற்று நிற்பார்.

செங்கல்பட்டுச் சோதனை இதைவிடப் பல மடங்கு பெரியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆகிய மூன்றும் சேர்ந்து 1968-இல் அதைத் தொடங்கின. 3,66,625 பேர் பதிவு செய்யப்பட்டனர். ஒரு மாதக் குழந்தை முதல் முதியவர் வரை 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. பாரிஸ், கோபன்ஹேகன் என்ற இரு வகைத் தடுப்பூசிகள் இரு அளவுகளில் பயன்பட்டன. மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது சமவாய்ப்பு முறையில் முடிவானது. போட்டவருக்கும் போட்டுக்கொண்டவருக்கும் அது தெரியாது.

ஏழரை ஆண்டுத் தொடர்கண்காணிப்பின் அறிக்கை 1979-இல் வந்தது. பின்னர் மீளாய்வுகளில் எடுத்தாளப்பட்ட எண்களின்படி, ஊசிக் குழுவில் 88,391 பேரில் 505 பேருக்கும், வெற்று ஊசிக் குழுவில் 88,391 பேரில் 499 பேருக்கும் நோய் வந்திருந்தது. பாதுகாப்பு சுழியம். பிரிட்டனில் பள்ளி முடிக்கும் வயதுப் பிள்ளைகளிடம் நடந்த சோதனையில் இதே கணக்கு, ஊசி பெற்ற 13,598 பேரில் 62, பெறாத 12,867 பேரில் 248 என்று வந்தது. அது 76 விழுக்காடு பாதுகாப்பு.

செங்கல்பட்டு முடிவை யாரும் எதிர்பார்க்கவில்லை, விரும்பவும் இல்லை. நாடு முழுவதும் இலட்சக்கணக்கான குழந்தைகளுக்கு அந்த ஊசி போடப்பட்டுவந்தது. விரும்பாத முடிவு வந்தால் சோதனையில் குறை தேடுவது மனித இயல்பு. விரும்பிய முடிவு வந்த சோதனையில் அதே கூர்மையுடன் குறை தேடுவதில்லை என்பதுதான் சிக்கல். சாய்வு அபாய மதிப்பீட்டில் முடிவைப் பார்ப்பதற்கு முன்பே கேள்விகளை எழுதிவைப்பதும், இருவர் தனித்தனியே விடையளித்துப் பிறகு ஒப்பிடுவதும் இதனால்தான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இயங்கிவந்த காக்ரேன் மையத்தின் மூலம் இந்த நடைமுறை தென்னிந்திய ஆய்வாளர்களுக்கும் பழக்கமானது.

ஒரு சோதனையை மதிப்பிடும் விதம்

இன்று பரவலாகப் பயன்படும் கருவி காக்ரேன் அமைப்பினர் 2008-இல் வெளியிட்டு 2019-இல் திருத்தியது. அது ஐந்து இடங்களில் கேள்வி கேட்கிறது. செங்கல்பட்டுச் சோதனையை அதன் வழியே நடத்திப் பார்க்கலாம்.

முதல் இடம் ஒதுக்கீடு. தனிநபர் வாரியாகச் சமவாய்ப்பு முறை, எது என்று தெரியாத மருந்து. நியூயார்க் மருத்துவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு இங்கே யாருக்கும் கிடைக்கவில்லை. அபாயம் குறைவு.

இரண்டாவது, ஒதுக்கிய பின் நடந்தவை. இங்கே பி.சி.ஜி.க்கே உரிய ஒரு தொல்லை வருகிறது. மருந்துக் குப்பியை எவ்வளவு மறைத்தாலும் சில வாரங்களில் கையில் தழும்பு விழுந்துவிடும், வெற்று ஊசியில் விழாது. ஆகவே யார் எந்தக் குழு என்ற இரகசியம் காலப்போக்கில் தோலிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அதனால் நடத்தை மாறியதா, கட்டுப்பாட்டுக் குழுவினர் பின்னாளில் வேறிடத்தில் பி.சி.ஜி. போட்டுக்கொண்டார்களா என்று கேட்க வேண்டும். பலர் போட்டுக்கொண்டிருந்தால் இரு குழுக்களுக்கும் உள்ள வேறுபாடு மங்கும். பதினைந்து ஆண்டுகள் நீண்ட சோதனையில் இது வெறும் சம்பிரதாயக் கேள்வி அல்ல.

மூன்றாவது, கணக்கிலிருந்து விடுபட்டவர்கள். மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. 2,81,161 பேருக்கு ஊசி போட்டுவிட்டு, 1999-இல் வந்த பதினைந்தாண்டு அறிக்கையின் முதன்மைக் கணக்கு 1,09,873 பேரை மட்டும் எடுத்துக்கொண்டது. பாதிக்கு மேல் காணவில்லையே, இது பெரிய சாய்வு அல்லவா என்று தோன்றும். இல்லை. அந்த 1,09,873 பேர் தொடக்கத்திலேயே டியூபர்குலின் சோதனையில் 7 மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பு வராதவர்கள், மார்பு எக்ஸ்ரே இயல்பாக இருந்தவர்கள். ஏற்கெனவே காசநோய்க் கிருமி உள்ளே போனவரிடம் தடுப்பூசி எதையும் தடுக்க முடியாது என்பதால் அவர்கள் தனியே வைக்கப்பட்டனர். பிரிப்பதற்குப் பயன்பட்ட அளவுகோல் ஊசிக் குழுவுக்கும் வெற்று ஊசிக் குழுவுக்கும் ஒன்றே. அளந்தவருக்குக் குழு எது என்று தெரியாது. ஆகவே சமவாய்ப்பின் சமநிலை கெடவில்லை. கவலைப்பட வேண்டியது தொடக்கத்தில் விலக்கப்பட்டவர்களைப் பற்றி அல்ல. பிறகு ஊரைவிட்டுப் போனவர்கள், மறு ஆய்வுக்கு வராதவர்கள் ஆகியோரைப் பற்றி. அவர்கள் ஒரு குழுவில் மட்டும் அதிகமாக இருந்தால்தான் கணக்கு சாயும்.

நான்காவது, நோயைக் கண்டறிந்த விதம். தழும்பின் தொல்லை இங்கே மீண்டும் வருகிறது. இருமலோடு வருபவரின் கையைப் பார்க்கும் சுகாதாரப் பணியாளர், 'இவருக்குத்தான் ஊசி போட்டாயிற்றே' என்று சளியைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விட்டால், ஊசிக் குழுவில் நோயாளிகள் குறைந்தது போலத் தோன்றும். ஊசி செய்யாத வேலையைப் பணியாளரின் நம்பிக்கை செய்துவிடும். செங்கல்பட்டில் நோயாளி தானாக வரும்வரை காத்திருக்கவில்லை. சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களைப் பதிந்ததோடு, இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை முழு மக்கள்தொகையையும் தேடிச் சென்றும் பரிசோதித்தார்கள். நோய் என்று எண்ண அளவுகோல் சளியில் கிருமி இருப்பது. ஆய்வகத்துக்கு வரும் சளிக் குப்பிக்குக் கை இல்லை, தழும்பும் இல்லை. இந்த இடத்திலும் அபாயம் குறைவு என்றே எழுதலாம். இதற்கு ஒரு விலையும் உண்டு. சிறு குழந்தைகளிடம் சளி எடுப்பது கடினம். மூளைக்காய்ச்சல் போன்ற குழந்தைக் காசநோய் வகைகள் சளியில் தெரியாது. அவற்றைப் பற்றி இந்தச் சோதனை பேசவே இல்லை. இது சாய்வு ஆகாது, கேள்வியின் எல்லை.

ஐந்தாவது, பல முடிவுகளில் சாதகமானதை மட்டும் எடுத்துச் சொன்னார்களா என்பது. பதினைந்தாண்டு அறிக்கையில் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்றும் குழந்தைகளுக்கு 27 விழுக்காடு என்றும் இருக்கிறது. அந்த 27-இன் நம்பக இடைவெளி குறை 8 முதல் 50 வரை. சுழியமும் அதற்குள் அடக்கம். வயதுவாரியாகப் பிரிப்பது முன்பே திட்டமிட்டதா, எண்களைப் பார்த்தபின் தோன்றியதா என்று மதிப்பீட்டாளர் நெறிமுறை ஆவணத்தைத் தேடுவார். இன்றைய சோதனை என்றால் 2007-இல் தொடங்கிய இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் போய்ப் பார்க்கலாம். 1968-இல் அப்படி எதுவும் இல்லை. பழைய சோதனைகளுக்கு இந்த இடத்தில் 'சற்று ஐயம்' என்ற நடுத்தர விடைதான் பெரும்பாலும் பொருந்தும். என் கணிப்பும் அதுவே. ஆனால் ஏமாற்றமளிக்கும் முதன்மை முடிவை மறைக்காமல் முன்னால் வைத்த அறிக்கையில் இந்த ஐயத்தின் எடை சிறியது.

மதிப்பெண் போட்டுப் பார்த்த காலம்

1994-இல் கிரஹாம் கோல்டிட்ஸ் குழுவினர் பி.சி.ஜி. சோதனைகளை எல்லாம் தொகுத்து ஆராய்ந்தனர். சராசரியாகப் பாதிக்குப் பாதி பாதுகாப்பு என்று வந்தது. ஆனால் சுழியத்தையும் எழுபத்தாறையும் கலந்து எடுத்த சராசரி எந்த ஊருக்கும் பொருந்தாது. ஆகவே வேறுபாட்டுக்குக் காரணம் தேடினார்கள். ஒவ்வொரு சோதனையின் நம்பகத்தன்மைக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்தார்கள். அந்த மதிப்பெண்ணும், சோதனை நடந்த இடம் நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதும் சேர்ந்து சோதனைகளுக்கிடையேயான வேறுபாட்டில் 66 விழுக்காட்டை விளக்கின.

மதிப்பெண் முறைக்கு அப்போது செல்வாக்கு இருந்தது. ஐந்து மதிப்பெண் கொண்ட ஜடாட் அளவுகோல் 1996-இல் வந்தது. 1999-இல் பீட்டர் யூனி குழுவினர் அந்த நம்பிக்கையை உடைத்தனர். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து பற்றிய ஒரே 17 சோதனைகளுக்கு 25 வெவ்வேறு அளவுகோல்களால் மதிப்பெண் போட்டுப் பார்த்தார்கள். சில அளவுகோல்களின்படி தரமான சோதனைகளில் புது மருந்து சிறந்தது. வேறு சிலவற்றின்படி தரமான சோதனைகளில் வேறுபாடே இல்லை. அளவுகோலை மாற்றினால் முடிவு மாறியது. ஒதுக்கீட்டை மறைக்காத குறையை நல்ல நடையில் எழுதிய அறிக்கைக்கான மதிப்பெண் ஈடுசெய்துவிடும் என்றால் கூட்டுத்தொகைக்குப் பொருள் இல்லை. காக்ரேன் கருவி கூட்டுத்தொகையைக் கைவிட்டு ஒவ்வோர் இடத்துக்கும் தனித் தீர்ப்பும் அதற்கான காரணமும் எழுதச் சொல்வது இந்த அனுபவத்துக்குப் பிறகுதான்.

2014: சாய்வு எந்தத் திசையில்

இலண்டனில் புனம் மங்தானி குழுவினர் 2014-இல் வெளியிட்ட மீளாய்வு இந்தத் தனித்தனிக் கேள்விகளோடு பி.சி.ஜி.க்குத் திரும்பியது. நுரையீரல் காசநோய் பற்றிய 18 சோதனைகள் அதில் இருந்தன. நோய் கண்டறிதலில் சாய்வு அபாயம் குறைந்த சோதனைகளில் தடுப்பூசியின் பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஷுல்ஸ் காட்டிய பொது விதிக்கு இது எதிர்த்திசை. கவனக்குறைவான சோதனை பலனை மிகைப்படுத்தும் என்றுதானே எண்ணுவோம்?

ஒரு கற்பனைக் கணக்கு இதை விளக்கும். சம அளவுள்ள இரு குழுக்களில் உண்மையான காசநோய் ஊசிக் குழுவில் 10 பேருக்கும் மற்றதில் 40 பேருக்கும் வந்தது என்று கொள்வோம். பாதுகாப்பு 75 விழுக்காடு. நுரையீரலில் தெரியும் நிழலை எல்லாம் காசநோய் என்று எழுதும் தளர்ந்த அளவுகோலால் ஒவ்வொரு குழுவிலும் 40 போலி நோயாளிகள் சேர்ந்தால் எண்கள் 50, 80 ஆகின்றன. பாதுகாப்பு 37.5 ஆகக் குறைந்துவிடும். யாரும் எந்தக் குழுவுக்கும் சாதகம் செய்யவில்லை. பிழை இரு பக்கமும் சமமாக விழுந்தே உண்மையான வேறுபாட்டை மூழ்கடித்தது. கையின் தழும்பைப் பார்த்துச் செய்யும் பிழை பலனைப் பெருக்கும். கண்ணை மூடிக்கொண்டு செய்யும் பிழை பலனைச் சுருக்கும். 'அபாயம் அதிகம்' என்று எழுதும் மதிப்பீட்டாளர் எந்தத் திசையில் என்பதையும் எழுத வேண்டியிருப்பது இதனால்தான்.

அதே மீளாய்வு இன்னொன்றையும் பிரித்துக் காட்டியது. ஏற்கெனவே கிருமி பட்டவர்களைக் கண்டிப்பான டியூபர்குலின் சோதனையால் விலக்கிய குழந்தைகளிடம் நோய் விகிதம் 0.26 ஆனது, அதாவது 74 விழுக்காடு பாதுகாப்பு. அப்படிக் கண்டிப்பாக விலக்காத குழந்தைகளிடம் 0.59. பிரிட்டனில் 3 அலகு டியூபர்குலினில் தடிப்பு வராதவர்களுக்கு 100 அலகு கொடுத்து மீண்டும் பார்த்தார்கள். செங்கல்பட்டில் 3 அலகுச் சோதனை மட்டும். தடிப்பைப் படிக்கும் வரை காத்திராமல் ஊசியும் அதே வேளையில் போடப்பட்டது. மண்ணிலும் நீரிலும் வாழும், நோய் தராத மைக்கோபாக்டீரியக் கிருமிகளோடு திருவள்ளூர்ப் பகுதி மக்களுக்குச் சிறுவயதிலேயே பழக்கம் இருந்தது என்பதை அங்கே கூடவே செய்த பி.பி.டி.-பி என்ற இரண்டாவது தோல் சோதனை காட்டியது. அந்தப் பழக்கம் உடலுக்கு ஏற்கெனவே ஓரளவு பாதுகாப்பைத் தந்து பி.சி.ஜி.யின் கூடுதல் பலனை மறைக்கலாம், அல்லது பி.சி.ஜி. வேலை செய்யாமல் தடுக்கலாம். எதுவானாலும் அது சோதனையின் குறை அல்ல, அந்த மண்ணின் தன்மை. செங்கல்பட்டு தன் கேள்விக்குச் சரியான விடையைச் சொல்லியிருக்கிறது. பிரிட்டன் சோதனை கேட்டது வேறு மக்களைப் பற்றிய கேள்வி.

இந்தியா பி.சி.ஜி.யைக் கைவிடவில்லை. 1980-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து கூட்டிய அறிவியல் குழு குழந்தைகளுக்கு ஊசியைத் தொடரலாம் என்றது. அதற்கான வலுவான ஆதாரம் செங்கல்பட்டு அளக்காத நோய்களிலிருந்து வருகிறது. பிறந்த குழந்தைகளுக்குப் போட்டால் மூளைக்காய்ச்சலும் உடலெங்கும் பரவும் காசநோயும் வரும் விகிதம் 0.1 ஆகக் குறைகிறது என்று 2014 மீளாய்வு கணக்கிட்டது. அந்த நோய்களைப் பற்றிச் சொன்ன சோதனைகள் மொத்தம் ஆறுதான். 0.1-இன் நம்பக இடைவெளி 0.01 முதல் 0.77 வரை நீள்கிறது. கீழ்பென்னாத்தூர்க் குழந்தையின் கையிலுள்ள தழும்புக்கு இன்று நம்மிடம் உள்ள ஆதாரத்தின் அளவு அவ்வளவே.